வளைந்துபோன வில்: பேரோனி நோயின் கதையும், நம்ம ஊர் லாட்ஜ் வைத்தியமும்

சேலத்தில் இருந்து நாமக்கல் வரை பஸ்ஸில் போனால் சுவர் விளம்பரங்களையும் மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ்களையும் பார்க்காமல் இருக்க முடியாது. ‘ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, சிறுத்தல், வளைதல்’ என்று வரிசையாகப் போட்டு, எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்று எழுதியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய பட்டியல். இதில் ‘வளைதல்’ என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது, அப்படி ஒரு நோய் உண்மையில் இருக்கிறதா என்று ஒருநாள் தேட ஆரம்பித்தேன். இருக்கிறது. மருத்துவ நூல்களில் அதற்குத் தனிப் பெயரும் இருக்கிறது. ஆனால் காரணம் மட்டும் நோட்டீஸில் சொல்வது அல்ல.

நான் மருத்துவர் இல்லைங்க. கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். இது வாசித்ததின் குறிப்பு. விஷயம் கூச்சமானது என்பதால் சொற்களை மூடி மறைக்காமல் நேராகவே எழுதுகிறேன்.

1743, பாரிஸ்

நோயின் பெயர் பேரோனி நோய். ஃபிரான்ஸ்வா ஜிகோ டி லா பேரோனி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. 1678-ல் மோன்பெலியேவில் பிறந்தவர். பதினைந்தாம் லூயி மன்னரின் முதல் அறுவை மருத்துவராக இருந்தவர். அந்தக் காலத்து பிரான்சில் முடி வெட்டுகிறவர்களும் அறுவை செய்கிறவர்களும் ஒரே சங்கத்தில் கட்டுண்டிருந்தார்கள். 1743-ல் வந்த அரச ஆணை இரண்டையும் பிரித்தது. அதற்குப் பின்னால் நின்று வேலை செய்தவர்களில் முக்கியமானவர் இவர்.

அதே 1743-ல் அரச அறுவை மருத்துவக் கழகத்தின் கட்டுரைத் தொகுப்பில் அவருடைய கட்டுரை ஒன்று வருகிறது. விந்து இயல்பாக வெளியேறுவதைத் தடுக்கும் சில இடையூறுகள் பற்றிய கட்டுரை. அதில் சில நோயாளிகளை விவரிக்கிறார். ஆண்குறியின் தண்டில், ஜெபமாலை மணிகள் கோத்த மாதிரி கெட்டியான முடிச்சுகள். விறைக்கும்போது குறி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. அதனால் உடலுறவும் விந்து வெளியேறுவதும் சிரமமாகிறது. அவர் சொன்ன மருந்து பிரனீஸ் மலையில் உள்ள பாரேஜ் வெந்நீர் ஊற்றின் தண்ணீர்.

இதைப் படிக்கும்போது ‘முதலில் கண்டுபிடித்தவர் இவர்’ என்று நினைத்துவிடக் கூடாது. பெயர் இவருடையதாகிவிட்டது, அவ்வளவுதான். 16-ஆம் நூற்றாண்டிலேயே, 1587-ல், இத்தாலியின் போலோன்யாவைச் சேர்ந்த அரான்சி இதையே எழுதிவிட்டார். சாதாரண நிலையில் தொட்டால் அவரைக்கொட்டை மாதிரி ஒரு கட்டி. விறைத்தால் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைவு. கச்சிதமான விவரிப்பு. ஆனால் காரணம் எழுதும்போது அவர் ஒரு வார்த்தை போட்டுவிட்டார்: மிதமிஞ்சிய உடலுறவு கொள்பவர்களுக்கு வருவது என்று.

பார்த்தது சரி, குற்றம் சாட்டியது தவறு. இந்த ஜோடி நானூறு வருடமாகக் கூடவே வருகிறது. அங்கே ‘மிதமிஞ்சிய உறவு’ என்றார்கள். நம்ம நோட்டீஸில் அது ‘கைப்பழக்கம்’ ஆனது. இரண்டிலும் நோயாளிதான் குற்றவாளி.

சுஸ்ருதர் சொன்ன வேறொரு கதை

நம் பக்கம் என்ன இருந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக ஒன்று கிடைக்கிறது. சுஸ்ருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில் 14-ஆம் அத்தியாயம் ‘சூக தோஷம்’ பற்றியது. சூகம் என்பது ஒரு வகைப் பூச்சி அல்லது அதன் ரோமம். குறியைப் பெரிதாக்க அதைத் தடவிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. காமசூத்திரத்தின் கடைசிப் பகுதியிலும் இதே முறை வருகிறது. பூச்சி ரோமத்தால் தேய்த்து, பல இரவுகள் எண்ணெய் போட்டு, வீங்கிய பிறகு துளையுள்ள கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டுமாம்.

சுஸ்ருதர் இந்தத் தடவலால் வரும் 18 கேடுகளைப் பட்டியலிடுகிறார். அவற்றில் கெட்டியான கட்டிகளும் முடிச்சுப் போட்டது போன்ற தடிப்புகளும் உண்டு. இவைதான் பேரோனி நோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை புண், அழற்சி, சீழ் பற்றியவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காரணமாக அவர் நோயாளியின் ஒழுக்கத்தைக் காட்டவில்லை. தோலுக்கும் தசைக்கும் வெளியிலிருந்து செய்யப்பட்ட காயத்தைக் காட்டுகிறார். எப்படிப் பார்த்தாலும், பெரிதாக்க எதையாவது தேய்ப்பது கெடுதல் என்பதை நம் நூல் எவ்வளவோ காலம் முன்பே சொல்லிவிட்டது. லாட்ஜ் எண்ணெய்க்காரர்கள் மேற்கோள் காட்டுவதற்குக் கொஞ்சம் தர்மசங்கடமான நூல்.

டியூபில் ஒட்டிய பேட்ச்

இப்போது வளைவு ஏன் வருகிறது என்று பார்ப்போம். ஆண்குறிக்குள் இரண்டு நீளக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே பஞ்சு மாதிரி திசு. அதில் ரத்தம் நிரம்பினால் விறைப்பு. இந்தக் குழாய்களை மூடியிருக்கும் உறைதான் கதாநாயகன். அதன் பெயர் ட்யூனிகா அல்புஜினியா. வெள்ளுறை என்று சொல்லலாம். சாதாரண நிலையில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். விறைக்கும்போது இழுபட்டு அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிகிறது. கொலாஜன் என்ற உறுதியான நாரும், எலாஸ்டின் என்ற இழுபடும் நாரும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது.

நம்ம பக்கத்து உதாரணம் சொல்கிறேன். நாமக்கல்லில் லாரி ஆட்கள் டியூப் பஞ்சர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் இழுபடாத துணிப் பேட்ச் ஒட்டி, காற்று அடித்துப் பாருங்கள். மற்ற பக்கம் நீளும். பேட்ச் இருக்கும் பக்கம் நீளாது. டியூப் பேட்ச் பக்கமாக வளையும். இவ்வளவுதான் விஷயம். பேட்ச் மேலே இருந்தால் மேலே வளைவு. பக்கத்தில் இருந்தால் பக்கவாட்டில் வளைவு. பேட்ச் சுற்றி வளைத்திருந்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கியது மாதிரி, மணற்கடிகாரம் போல ஒரு ஒடுக்கம் வரும்.

இங்கே அந்த பேட்ச், தழும்பு. வெள்ளுறையில் உருவான, இழுபடாத தழும்பு. கையில் தட்டுப்படும் ‘கட்டி’ அதுதான். மருத்துவர்கள் ‘ப்ளேக்’ என்பார்கள். பெரும்பாலும் மேல்புறத்து நடுக்கோட்டில்தான் இருக்கும். இதற்கும் காரணம் உண்டு. இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது; அது மேல் உறையில் ஒட்டும் இடத்தில்தான் வளையும்போது அதிக இழுவிசை விழுகிறது. வீட்டுத் தாழ்வாரத்தில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் முதல் விரிசல் விழுகிற மாதிரி.

தழும்பு எப்படி வருகிறது

1990-களில் ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த விளக்கம்தான் இன்று பெரும்பான்மையானவர்களால் ஏற்கப்படுகிறது. விறைத்த நிலையில், அல்லது பாதி விறைத்த நிலையில், குறி மடங்கினால் உறையின் அடுக்குகளுக்கு இடையே மிகச் சிறிய கிழிசல் விழுகிறது. பெரும்பாலும் அப்போது வலியே தெரியாது. பலருக்கு எந்தச் சம்பவமும் நினைவிலும் இருக்காது. உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிகிறது. ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் அந்த இடத்தில் தங்கிவிடுகிறது. பிறகு உடல் அதை ஆற்ற வருகிறது.

சாதாரணமாக இது ஆறிப் போய்விடும். சிலருக்கு மட்டும் ஆற்றும் வேலை நிற்காது. காயம் ஆற்றும் செல்களை ஏவும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் தொடர்ந்து சுரந்தபடியே இருக்கிறது. ஒழுங்கில்லாத கொலாஜன் குவிகிறது. இழுபடும் எலாஸ்டின் குறைகிறது. 1997-ல் எலியின் உறையில் இந்தப் புரதத்தைப் போலச் செயல்படும் ஒரு செயற்கைப் பொருளை ஊசி போட்டுப் பார்த்தார்கள். மனிதனுக்கு வருவது மாதிரியான மாற்றமே வந்தது. சில நாள் கழித்து அதில் சுண்ணாம்புச் சத்தும் படியலாம். அப்போது தொட்டால் எலும்பு மாதிரி இருக்கும்.

யாருக்கு நிற்காது? வயது ஒரு காரணம். ஐம்பதுகளில் அதிகம் காணப்படுகிறது, இளைஞர்களுக்கும் வராமல் இல்லை. உள்ளங்கையில் நரம்பு மாதிரி கயிறு தடித்து விரல் மடங்கிப் போகும் டூப்யூட்ரேன் நோய் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே தழும்புக் குணத்தின் இரு முகங்கள். சர்க்கரை நோயாளிகளிடமும் இது அதிகம் காணப்படுகிறது. சர்க்கரை நோய் பரவலாக இருக்கும் நம் மாநிலத்துக்கு இது முக்கியமான தகவல். ‘கைப்பழக்கம்’ என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

எவ்வளவு பேருக்கு? ஜெர்மனியின் கொலோன் நகரில் 2001-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 30 முதல் 80 வயதுள்ளவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு இது இருந்தது. அதாவது நூறில் மூன்று பேர். ‘அபூர்வ நோய்’ என்று நினைத்திருந்த பலருக்கு இந்தக் கணக்கு ஆச்சரியம்.

ஒரு நண்பரின் கணக்கு

அனுமதி வாங்கி, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் குளிக்கும்போது தண்டின் மேல்புறத்தில் மொச்சைக்கொட்டை அளவு தடிப்பு தட்டுப்பட்டது. அடுத்த மாதத்தில் விறைக்கும்போது வலி. அப்புறம் மேல்நோக்கி வளைவு. ‘கேன்சரோ என்னவோ’ என்று பயம். மனைவியிடம் சொல்லவில்லை, பேச்சு குறைந்தது, அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டார். இவர் போய் நின்றது ஒரு லாட்ஜ் அறையில். லேகியம், மசாஜ் எண்ணெய், ஐந்து மாதம். எண்ணெய் தேய்த்து அழுத்தியதால் வலி அதிகமானதுதான் மிச்சம். எண்ணெயின் பின்பக்கம் பார்த்தேன். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

பிறகுதான் யூராலஜி மருத்துவரிடம் போனார். அவர் செய்தது எளிது. படுக்க வைத்து, தளர்ந்த குறியை நீட்டிப் பிடித்துத் தடவிப் பார்த்தார். வளைவை அளக்க, ஊசி மூலம் விறைப்பு வரவைத்து, கோணமானி வைத்தார்: 45 பாகை. வீட்டில் எடுத்த போட்டோவும் உதவும் என்றார். சர்க்கரைக்கு எச்பிஏ1சி பார்த்தார். ‘இது கேன்சர் இல்லை’ என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதி நோய் குணமானதாக நண்பர் சொன்னார்.

முக்கியமான கேள்வியையும் மருத்துவர் கேட்டார்: ‘வலி இன்னும் இருக்கா, வளைவு மாறிக்கிட்டே இருக்கா?’ இதற்குக் காரணம் உண்டு. இந்த நோய்க்கு இரண்டு கட்டம். முதலில் அழற்சிக் கட்டம்: வலி இருக்கும், கட்டியும் வளைவும் மாறும், பல மாதங்கள், ஒரு வருடத்துக்கும் மேலாகக்கூட நீளலாம். அடுத்தது நிலைத்த கட்டம்: வலி போய்விடும், வளைவு அப்படியே நிற்கும். 2006-ல் வெளியான 246 பேர் ஆய்வில், சிகிச்சை எடுக்காதவர்களில் 12 சதவீதத்தினருக்கு வளைவு குறைந்தது, 40 சதவீதத்தினருக்கு மாறவில்லை, 48 சதவீதத்தினருக்கு மோசமானது. வலி மட்டும் பெரும்பான்மையோருக்குத் தானாகவே அடங்கியது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் லாட்ஜ் லேகியத்தின் ரகசியம் புரியும். வலி தானாகப் போகும். பெயர் லேகியத்துக்குப் போகும்.

மாறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் அறுவை செய்ய மாட்டார்கள். நேராக்கிய பிறகு திரும்ப வளையும் என்பதால்தான். நண்பரைக் காத்திருக்கச் சொன்னார்கள். வலிக்கு மாத்திரை, சர்க்கரைக்குக் கட்டுப்பாடு, எண்ணெய்க்குத் தடை.

நிலைத்த பிறகு அறுவையா என்று முடிவு செய்யும்போது ஒரு கணக்கு உதவியது. குழாய் வளையும்போது வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் இருக்கும் நீள வித்தியாசம், கோணத்தை ரேடியனில் எழுதி விட்டத்தால் பெருக்கினால் கிடைக்கும். விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு:

```
45 * pi/180 * 3 = 2.36
30 * pi/180 * 3 = 1.57
```

அதாவது 45 பாகை வளைவு என்றால் நீளமான பக்கம், குட்டையான பக்கத்தைவிட ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர் அதிகம். 1965-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ரீட் நெஸ்பிட் பிறவி வளைவுக்குச் சொன்ன முறை இதே தர்க்கத்தில் நடக்கிறது: நீளமான பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துத் தைத்துக் குட்டையான பக்கத்துக்குச் சமமாக்குவது. பேரோனி நோய்க்கும் இந்தக் குடும்பத்து அறுவைகள் நடைமுறையில் உள்ளன. நேராகும், ஆனால் நீளப் பக்கத்தின் உபரி போய்விடும். தழும்பை வெட்டி வேறு திசு ஒட்டினால் நீளம் காக்கப்படலாம்; ஆனால் விறைப்புத்தன்மை பாதிக்கும் அபாயம் அதில் கூடுதல். விறைப்பே ஏற்கெனவே சரியாக வராதவர்களுக்கு உள்ளே செயற்கைக் கருவி வைப்பது இன்னொரு வழி.

நண்பருக்கு இறுதியில் வளைவு 40 பாகை அளவில் நின்றது, வலி இல்லை, உடலுறவு முடிகிறது. ‘இதுக்கு எதுக்குங்க வெட்டணும்’ என்று விட்டுவிட்டார். அது சரியான முடிவுதான். வளைவு மட்டும் அறுவைக்குக் காரணம் ஆகாது; அதனால் உறவு தடைபட்டால்தான் காரணம்.

மருந்துகளின் நீண்ட வரிசை

பாரேஜ் தண்ணீருக்குப் பிறகு பாதரசம், அயோடைடு எல்லாம் வந்தன. 1948-ல் வைட்டமின் ஈ மாத்திரை வந்தது. இன்றும் பல சீட்டுகளில் எழுதப்படுகிறது. ஆனால் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டி வைட்டமின் ஈ, டமாக்சிஃபென், ஒமேகா-3 போன்றவற்றை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதிர்வலைச் சிகிச்சையும் வளைவைக் குறைப்பதில்லை. வலிக்கு மட்டும் உதவலாம்.

இதுவரை வந்ததில் அறிவியல் ரீதியாகத் தழும்பையே தாக்குவது கொலாஜனேஸ் ஊசி. கொலாஜனைக் கரைக்கும், ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி. 2013-ல் அமெரிக்க மருந்துத் துறை இந்த நோய்க்கு அனுமதி அளித்தது. 2013-ல் வந்த பெரிய பரிசோதனைகளில் இந்த ஊசியால் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. வெறும் உப்புநீர் மாதிரி ஊசிக்கே 18 சதவீதம் குறைந்தது. அதாவது நிஜப் பலன் வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 60 பாகையை நேராக்கும் மாயம் இல்லை. உறை கிழியும் அபாயமும் எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது.

எதை எதோடு குழப்பக்கூடாது

கட்டி இல்லாமல், இளம் வயதிலிருந்தே கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும் வளைவு பிறவிக் குணம். தழும்பு நோய் அல்ல, வலியும் இருக்காது. மேல்தோலுக்கு அடியில் கயிறு மாதிரி நீளமாக ஒன்று திடீரென்று தட்டுப்பட்டால் அது ரத்தநாளத்தில் உறைவாக இருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஆனால் காட்டிவிடுவது நல்லது. தோலில் ஆறாத புண், மேலே வளரும் சதை இருந்தால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். அது உறைத் தழும்பின் அடையாளம் அல்ல.

அவசரம் ஒன்றே ஒன்று. உறவின்போது ‘டக்’ என்று சத்தம், உடனே விறைப்பு இறங்குவது, வீங்கிக் கருநீலமாவது. உறை பெரிதாகவே கிழிந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

சட்டம் ஏற்கெனவே எழுதிய வரி

கடைசியாக, லாட்ஜ் விளம்பரங்களுக்கு வருவோம். 1945-ன் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த நோய்களைக் குணமாக்குவதாக மருந்து விற்பவர் உறுதி தரக்கூடாது என்ற பட்டியல். பாலுறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவது என்பது அதில் உண்டு. 1954-ன் மாயமருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் ஆண்மைக் குறைவு உண்டு. ஆக ‘வளைதல்’ என்று சுவரில் எழுதிவிட்டு குணமாக்குவேன் என்று சொல்வதைச் சட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடுத்துவிட்டது. சுவரில் பெயின்ட் அடிப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. படிக்கிற நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தட்டுப்படும் கட்டி புதிதா, வலி இருக்கிறதா, வளைவு எப்போது ஆரம்பித்தது: இந்த மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு யூராலஜி ஓபிக்குப் போனால் மருத்துவருக்கு வேலை சுலபம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நேரம்தான் செலவு. லேகியத்துக்கு ஐந்து மாதம் போட்ட பணத்தை நினைத்தால் நண்பருக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதைவிட அந்த ஐந்து மாதம் மனைவியிடம் பேசாமல் இருந்ததைத்தான் பெரிய நஷ்டமாகச் சொல்கிறார்.